ஒளிப்படத்தில் தலைமுடியோ உடையோ மாற்றப்பட்டுள்ளதா? கண்டறியும் வழிகள்

2024 மார்ச் 10 அன்று பிரித்தானிய இளவரசி கேத்தரினும் அவருடைய பிள்ளைகளும் உள்ள ஒளிப்படமொன்று வெளியானது. மகள் சார்லட்டின் இடதுகை மணிக்கட்டருகே உடையின் கைப்பகுதி பொருந்தாதிருந்ததால், ஏபி, ரொய்ட்டர்ஸ் முதலிய செய்தி நிறுவனங்கள் அப்படத்தை மீளப் பெற்றன. படத்தைத் தாமே திருத்தியதாக மறுநாள் இளவரசி அறிவித்தார். உடையும் உடலும், முடியும் பின்னணியும் சந்திக்கும் விளிம்புகளிலேயே திருத்தம் பெரும்பாலும் வெளிப்படுகிறது. கழுத்துக்குக் கீழே கணினியில் கோட்டு அணிவிக்கப்பட்ட கடவுச்சீட்டு அளவுப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். அதைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. விளிம்பு
ஓர் உருவத்தை வெட்டியெடுக்கும்போது பழைய பின்னணியின் நிறம் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சுவரின் முன் எடுத்த தலையை நீலப் பின்னணியில் வைத்தால், முடியைச் சுற்றி வெளிறிய கோடு தெரியும். தனித்தனி மயிரிழைகள் மறைந்து, முடி கத்தரித்த தாள் போலத் தோன்றும்.

2. நுண்புள்ளிகள்
கமெரா பதியும் படங்களில், குறிப்பாக மங்கிய வெளிச்சத்தில், மணல் தூவியது போன்ற நுண்புள்ளிகள் இருக்கும். முகத்தில் அவை இருந்து, அதே அளவு வெளிச்சமுள்ள கோட்டு வழவழப்பாக இருந்தால், இரண்டும் வெவ்வேறு படங்களிலிருந்து வந்திருக்கலாம். நிழலில் புள்ளிகள் இயல்பாகவே மிகுதி. ஆகவே ஒத்த வெளிச்சமுள்ள பகுதிகளையே ஒப்பிட வேண்டும்.

3. ஒளி
மூக்கின் நிழல் இடப்புறம் விழுந்தால், கழுத்துப்பட்டியின் மடிப்பு நிழலும் அப்புறமே விழ வேண்டும். தாடையின் கீழ் நிழல் இருந்தும் பட்டியில் எந்த நிழலும் இல்லையெனில் ஐயத்துக்கு இடமுண்டு. முகம் மஞ்சள் விளக்கொளியிலும் கோட்டு நீலஞ்சார்ந்த பகலொளியிலும் இருப்பதும் அவ்வாறே.

எச்சரிக்கை
ஓர் அறிகுறியை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. பின்னணியை மங்கலாக்கும் கைப்பேசி வசதியும் முடியைச் சுற்றி ஒளிவளையம் ஏற்படுத்தும். பின்னாலிருந்து வரும் வெயிலும் அத்தகைய விளிம்பைத் தரும். வட்ஸ்அப் வழி அனுப்பிய படம் சுருக்கப்படுவதால் நுண்புள்ளிகள் அழிந்துபோகும். எனவே மூலப்படத்தை ஆவணக் கோப்பாக அனுப்பக் கேளுங்கள். குறியேதும் தெரியாமையும் திருத்தமின்மைக்குச் சான்றாகாது.

உங்கள் படம் திருத்திப் பரப்பப்பட்டால்
செய்தியை அழிக்காதீர்கள். அனுப்பியவர், நாள், நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். மிரட்டினால் பணம் செலுத்தாது, காவல்துறையை நாடுங்கள் (அவசர எண் 117). அவதூறு போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் ஸ்ட்ராஃப்ஆன்ட்ராக் எனப்படும் தண்டனைக் கோரிக்கையைக் கொடுத்தாலன்றி வழக்கு நடவாது. செய்தவர் யாரென அறிந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அதனைக் கொடுக்க வேண்டும். காலம் கடந்தால் அவ்வுரிமை அற்றுப்போகும்.