பட்டனுக்கும் பந்தயத்துக்கும் நடுவே ஆறு விநாடி

ஐ.பி.எல். இரவுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வேடிக்கை நடக்கும். மேல்மாடியில் "சிக்ஸ்!" என்று கூச்சல் எழும். கீழ்வீட்டுக்காரர் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பார். இரண்டு வீட்டுத் திரைகளிலும் மூலையில் 'நேரலை' என்றுதான் எழுதியிருக்கும். செயற்கைக்கோள் ஒளிபரப்பு மைதானத்தைவிடச் சில விநாடிகள் பின்னால் வரும். இணையம் வழியாக வருவது அதற்கும் பின்னால், சில சமயம் அரை நிமிடம் வரைகூடத் தள்ளிப்போகும்.

ரசிகருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பணம் கட்டிப் பந்தயம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் அந்த அரை நிமிடம்தான் எல்லாமே. பிரிட்டனில் இவ்வகைப் பந்தயம் உரிமம் பெற்ற, சட்டபூர்வமான தொழில். அங்கே பந்தயம் கட்டுகிறவர்களின் ஓயாத புலம்பல்கள் மூன்று. பட்டனை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று பூட்டுப் படம் விழுந்து சந்தை மூடிக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட பந்தயத்தையே பிறகு 'செல்லாது' என்கிறார்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். நடந்தது யாருக்கு முதலில் தெரிகிறது என்பதே கேள்வி.

ஒரு கால்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மைதானத்தில் தகவல் நிறுவனம் ஒன்றின் ஆள் உட்கார்ந்திருப்பார். ஸ்போர்ட்ரேடார், ஜீனியஸ் ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலில் பெரியவை. பந்து எதிரணியின் பகுதிக்குள் நுழைந்தால் 'தாக்குதல்', கோலை நெருங்கினால் 'ஆபத்தான தாக்குதல்', பிறகு கார்னர், பெனால்டி, கோல் என்று அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பார். அது ஓரிரு விநாடியில் பந்தய நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேரும். கணினி ரேட்டை மாற்றும். ஆபத்து பெரிதென்றால் ரேட்டை மாற்றக்கூடக் காத்திராமல் சந்தையையே நிறுத்திவிடும். கோல் விழாவிட்டால் சில விநாடியில் பூட்டு திறக்கும். வீட்டில் இருப்பவருக்கோ காரணமே புரியாது. அவர் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும். பந்தயத் தளத்தில் பூட்டு விழுந்ததை வைத்தே 'ஏதோ நடந்துவிட்டது' என்று ஊகிக்கப் பழகியவர்களும் உண்டு.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. மைதானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் கண்ணால் கோலைப் பார்த்த மறுகணம் பட்டனை அழுத்திவிட்டால்? தகவல் ஆளின் விரலையும் அவர் முந்திவிடலாமே! அதற்காகத்தான் தாமதம் என்ற தடுப்பு. பட்டனை அழுத்தியதும் பந்தயம் உடனே ஏறுவதில்லை. கால்பந்தில் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு விநாடி வரை அது நடைபாதையில் நிறுத்தி வைக்கப்படுகிறது. அந்த நேரம் முடிந்ததும் கணினி மறுபடி பார்க்கிறது. சந்தை திறந்திருக்கிறதா, ரேட் அப்படியே இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் பந்தயம் ஏறும். ரேட் மாறியிருந்தால் புதிய ரேட்டைக் காட்டி 'சம்மதமா?' என்று கேட்கும், அல்லது நிராகரிக்கும். நிராகரிக்கப்பட்ட பந்தயம் பந்தயமே அல்ல; பணம் கணக்கில் அப்படியே இருக்கும்.

நியாயமான ஏற்பாடுதான் என்று தோன்றும். ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். உள்ளூர் அணி வெல்லும் என்று ஒருவர் 2.60 ரேட்டில் 20 பவுண்டு கட்டுகிறார் என்று வைப்போம். வென்றால் கட்டிய பணத்தையும் சேர்த்து 52 பவுண்டு கைக்கு வரும். ஆறு விநாடி ஓடுகிறது. அதற்குள் அந்த அணிக்கு ஃப்ரீகிக் கிடைத்து ரேட் 2.40க்கு இறங்கினால், 2.60 கிடைக்காது, '2.40க்குச் சம்மதமா' என்ற கேள்விதான் வரும். மாறாக அந்த அணி பந்தை இழந்து, ரேட் 2.70க்கு ஏறினால்? சில நிறுவனங்கள் ஏறிய ரேட்டையே கொடுக்கும். சில, கேட்டது 2.60தானே என்று அதிலேயே ஏற்றிவிடும். பின்னதில், காத்திருந்த ஆறு விநாடியில் வந்த நல்ல செய்தி பந்தயம் கட்டியவரிடம் சேராது. கெட்ட செய்தி மட்டும் அவர் தலையில் விழும். ஒரு தடவையில் இது சில்லறை. இரவெல்லாம் கட்டுகிறவருக்குச் சில்லறை சேர்ந்து பெரிய தொகையாகும்.

பெட்ஃபேர் போன்ற பரிமாற்றச் சந்தைகளிலும் இதே கதை வேறு உருவில் உண்டு. அங்கே நிறுவனம் பந்தயத்துக்கு எதிர்நிற்பதில்லை. ஒரு வாடிக்கையாளரின் பந்தயத்தை இன்னொரு வாடிக்கையாளர் எடுத்துக்கொள்கிறார். புதிதாக வரும் பந்தயத்துக்குத் தாமதம் உண்டு. ஏற்கெனவே வைத்திருக்கும் கோரிக்கையைத் திரும்பப் பெறத் தாமதம் இல்லை. எனவே ஒருவருடைய பந்தயம் ஐந்து விநாடி காத்துக் கிடக்கும்போது, எதிரே ரேட் வைத்திருந்தவர் நிலைமை மாறியதைக் கண்டு நழுவிவிடலாம். நழுவாமல் நிற்கும் ரேட்டைப் பார்த்துத்தான் உஷாராக வேண்டும் என்பார்கள் அனுபவசாலிகள்.

தாமதத்தை முந்தப் பார்த்தவர்களின் கதைகள் சுவையானவை. 2014 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் நடந்தபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த பிரிட்டிஷ் இளைஞர் ஒருவரை விக்டோரியா போலீஸ் கைது செய்தது. உடைக்குள் மறைத்த சிறு கருவி மூலம் ஒவ்வொரு புள்ளியின் முடிவையும் அவர் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு மாதத்தில் வழக்கு கைவிடப்பட்டது. 2021 ஐ.பி.எல்.லின்போது தில்லி மைதானத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் இதே வேலைக்குப் பயன்படுத்தப்பட்டதாக இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவரே சொன்னார்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர்கள் டென்னிஸின் கீழ்நிலைப் போட்டிகளில் இருந்த சில நடுவர்கள். அங்கே நடுவர் தன் கைக்கணினியில் தட்டும் புள்ளியே நேராக உலகம் முழுதும் உள்ள பந்தய நிறுவனங்களுக்குப் போகும். புள்ளி முடிந்த பிறகும் தட்டாமல், ஒரு நிமிடம் வரைகூடத் தாமதித்து, அந்த இடைவெளியில் கூட்டாளிகளைப் பந்தயம் கட்ட வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு 2016இல் வெளியே வந்தது. ஒருவருக்கு அதற்கு முன்பே ஆயுள் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஆறு விநாடித் தடுப்பு ஒரு நிமிடக் களவுக்கு முன் என்ன செய்யும்?

இப்படி நழுவி ஏறிவிடும் பந்தயங்களுக்காகத்தான் விதிப்புத்தகத்தில் கடைசி ஆயுதம் இருக்கிறது: செல்லாது என்று அறிவிப்பது. கோல், பெனால்டி, சிவப்பு அட்டை போன்றவற்றின்போது சந்தையை நேரத்துக்கு நிறுத்தத் தவறினால், இடைப்பட்ட பந்தயங்களை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும் உரிமையைப் பல நிறுவனங்கள் தங்களுக்கு எழுதி வைத்திருக்கின்றன.

காணொளி நடுவர் முறை வந்த பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. ஓர் ஆட்டத்தில் 63ஆம் நிமிடம் உள்ளூர் அணி கோல் போட்டு 1-0 ஆகிறது, சந்தை திறக்கிறது. ஒருவர் ஆட்டம் சமநிலையில் முடியும் என்று 4.00 ரேட்டில் 20 பவுண்டு கட்டுகிறார். அடுத்த நிமிடம் காணொளி நடுவர் ஆஃப்சைடு என்று சொல்லிக் கோலை ரத்து செய்கிறார். இப்போது மறுபடி 0-0. அந்த நிலையில் சமநிலைக்கு நியாயமான ரேட் 2.50தான் இருக்கும், அவர் கையிலோ 4.00 சீட்டு. பல நிறுவனங்களின் விதிப்படி, கோலுக்கும் ரத்துக்கும் இடையில் கட்டிய பந்தயம் செல்லாது. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதே நிமிடத்தில், 1-0 என்று நம்பி உள்ளூர் அணிமேல் 1.30க்குக் கட்டியவருக்கும் அதே விதி பணத்தைத் திருப்பித் தருகிறது. அவர் புலம்புவதில்லை.

ரத்து விதியின் உச்சக்கட்டம் அயர்லாந்தில் நடந்தது. 2011 டிசம்பர் 28, டப்ளினுக்கு அருகே லெப்பர்ட்ஸ்டவுன் மைதானம், கிறிஸ்துமஸ் ஹர்டில் குதிரைப் பந்தயம். வோலர் லா வெடெட் என்ற பெண்குதிரை வெற்றியை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, பெட்ஃபேரில் அதன்மேல் 28க்கு 1 என்ற ரேட் அசையாமல் நின்றது. அந்த ரேட்டில் எடுத்துக்கொள்ளக் கிடந்த தொகை சுமார் 2.1 கோடி பவுண்டு. முழுவதும் ஏறியிருந்தால் ரேட்டை வைத்தவர் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 60 கோடி பவுண்டு! பார்த்தவர்கள் பாய்ந்து கட்டினார்கள். குதிரை வென்றது. பெட்ஃபேர் அந்த ஓட்டத்தின்போது கட்டிய பந்தயங்கள் அத்தனையையும் ரத்து செய்தது. பிறகு வந்த விளக்கம்: ஒரு வாடிக்கையாளரின் தானியங்கி நிரல் வைத்த ரேட் அது, அவர் கணக்கில் ஆயிரம் பவுண்டுகூட இல்லை, வரம்பைத் தாண்டவிடாமல் தடுக்க வேண்டிய மென்பொருள் கோளாறால் தடுக்கவில்லை. கோளாறு நிறுவனத்தின் பக்கம், ஏமாற்றம் வாடிக்கையாளர் பக்கம் என்று அப்போது எழுந்த கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இல்லாத பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்வியும் நிஜம்தான்.

'எங்கள் விதியில் எழுதியிருக்கிறது' என்பதோடு எல்லாம் முடிந்துவிடாது. 2021இல் லண்டன் உயர் நீதிமன்றம் இணையச் சீட்டாட்டம் ஒன்று தொடர்பான வழக்கில், மென்பொருள் கோளாறைக் காட்டிப் பணம் தர மறுத்த பெட்ஃப்ரெட் நிறுவனம் 17 லட்சம் பவுண்டைத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த விதி வாடிக்கையாளரின் கவனத்துக்கு ஒழுங்காகக் கொண்டுவரப்படவில்லை என்பது காரணங்களில் ஒன்று. நேரடி ஒளிபரப்பு தாமதமாக வரலாம், மற்றவர்களிடம் உங்களைவிடப் புதிய தகவல் இருக்கலாம் என்ற எச்சரிக்கையை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதும் பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் நெறிகளில் உண்டு.

அங்கே தகராறு வந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் தர வேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் ஐபாஸ் போன்ற சமரச அமைப்புக்குப் போகலாம். 1998 முதல் அது இயங்குகிறது, வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே பேசுவது கோபமல்ல, கடிகாரம். சம்பவம் நடந்த விநாடி, சந்தை நின்ற விநாடி, பந்தயம் ஏறிய விநாடி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு வரும். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. திருட்டுத்தனமாக இயங்கும் தளங்களில் 'செல்லாது' என்று வந்தால், எந்த விநாடியில் ஏன் செல்லாமல் போனது என்று அந்தத் தளத்துக்காரரைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.