பழைய லினக்ஸ் பென் டிரைவ் ஏன் பூட் ஆக மறுக்கிறது?

2024 ஆகஸ்ட் 13 அன்று விண்டோஸுக்கான மாதாந்திர அப்டேட் வெளியானது. அதை ஏற்றிய பல கணினிகளில், அதுவரை ஒழுங்காக வேலை செய்த லினக்ஸ் பென் டிரைவைச் செருகிப் பூட் செய்தபோது கறுப்புத் திரையில் இந்த வரிகள் வந்தன. சில நொடிகளில் கணினி தானாக அணைந்துவிட்டது.

```
Verifying shim SBAT data failed: Security Policy Violation
Something has gone seriously wrong: SBAT self-check failed:
Security Policy Violation
```

பார்த்தவர்கள் பென் டிரைவ் கெட்டுவிட்டதாக நினைத்தார்கள். ஐஎஸ்ஓ கோப்பைத் திரும்பப் பதிவிறக்கி எழுதினாலும், வேறு பென் டிரைவை வைத்துப் பார்த்தாலும் அதே வரிகள்தான் வந்தன. உண்மையில் பென் டிரைவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது மதர்போர்டில் இருந்த ஒரு சிறு பட்டியல்.

இன்றைய கணினிகளில் செக்யூர் பூட் என்றொரு பாதுகாப்பு இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். அடுத்து ஓடவேண்டிய நிரலில் நம்பத்தக்க கையொப்பம் இருந்தால் மட்டுமே ஃபர்ம்வேர் அதற்கு வழிவிடும். பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்டின் சாவிகள்தான் பதிந்திருக்கின்றன. ஆகவே உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவை ‘ஷிம்’ என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் கையொப்பம் வாங்குகின்றன. ஃபர்ம்வேர் ஷிம்மைச் சோதித்து ஓடவிடும். ஷிம் ‘கிரப்’ என்ற பூட்லோடரைச் சோதிக்கும். அதற்குப் பிறகுதான் லினக்ஸ் கெர்னல் வரும்.

கையொப்பம் போட்ட நிரலில் பின்னாளில் ஓட்டை தெரிய வந்தால் என்ன செய்வது? புதிய பதிப்பை வெளியிட்டால் மட்டும் போதாது. பழைய பதிப்பின் கையொப்பம் இன்னும் செல்லுபடியாகும் என்பதால், தாக்குபவர் அந்தப் பழைய நிரலையே கொண்டுவந்து வைத்து, அதன் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்துவிடலாம். விண்டோஸிலேயே இப்படி நடந்திருக்கிறது. 2022 ஜனவரியில் விண்டோஸ் பூட் மேனேஜரில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது. பழைய கோப்புகள் தடைசெய்யப்படாததால், பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் அவற்றையே எடுத்துவந்து செக்யூர் பூட்டைத் தாண்டியது. 2023 மார்ச்சில் ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். ஓட்டையை அடைத்தால் பழைய கோப்பையும் தடைசெய்தாக வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அந்தத் தடைக்கென ஃபர்ம்வேரில் டிபிஎக்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. தடைசெய்ய வேண்டிய ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் அதில் சேர்ப்பார்கள். ஆனால் அதற்கான இடம் மிகக் குறைவு, பொதுவாக 32 கிலோபைட்தான். 2020 ஜூலையில் கிரப்பில் ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டை அம்பலமானபோது, 3 சான்றிதழ்களையும் 150 ஹாஷ்களையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சம்பவமே சுமார் 10 கிலோபைட்டை, அதாவது மூன்றில் ஒரு பங்கை, விழுங்கிவிட்டது. இன்னும் இரண்டு முறை அப்படி நடந்தால் பட்டியலில் இடமே இருக்காது.

அதற்கு மாற்றாக, 2021இல் வந்த ஷிம் 15.3இலிருந்து SBAT என்ற முறை நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட பேட்ச் எண்ணுக்கு முந்தைய மாத்திரைகளை விற்காதீர்கள் என்று மருந்துக்கடைகளுக்கு ஒரே வரியில் அறிவிப்பது போன்ற ஏற்பாடு இது. ஷிம், கிரப் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு தலைமுறை எண் எழுதப்பட்டிருக்கும். பெரிய பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படும்போது அந்த எண் கூடும். ஏற்கத்தக்க குறைந்தபட்ச எண் எது என்பது மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும். நூற்றைம்பது ஹாஷ்கள் செய்த வேலையைச் சில வரிகளே செய்துவிடும்.

அந்த ஆகஸ்ட் மாதம் பரவிய வரிகள் இவை:

```
sbat,1,2024010900
shim,4
grub,3
grub.debian,4
```

முதல் வரியின் கடைசியில் இருப்பது பட்டியலின் தேதி. ஷிம் குறைந்தது 4ஆம் தலைமுறையாக இருக்கவேண்டும் என்கிறது இரண்டாவது வரி. இதற்குக் காரணம் ஷிம்மிலேயே இருந்த ஓர் ஓட்டை. நெட்வொர்க் வழியாகப் பூட் செய்யும்போது, வரப்போகும் கோப்பு எவ்வளவு பெரியது என்று சர்வர் சொன்னதை நம்பி ஷிம் நினைவகத்தில் இடம் ஒதுக்கியது. சொன்னதைவிடப் பெரிய கோப்பு வந்தால் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். 2024 ஜனவரியில் வந்த ஷிம் 15.8 இதைச் சரிசெய்தது. அதன் தலைமுறை எண் 4.

இப்போது 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04இன் முதல் ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஷிம் 15.4, தலைமுறை எண் 1. ஃபர்ம்வேர் கையொப்பத்தைப் பார்க்கிறது. சரியாக இருப்பதால் ஓடவிடுகிறது. ஓடத் தொடங்கிய ஷிம் முதலில் தன்னைத்தானே சோதிக்கிறது. மதர்போர்டு 4 கேட்கிறது, தன்னிடம் இருப்பது 1. உடனே மேலே பார்த்த வரிகளை அச்சிட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அதே 22.04 ஹார்டு டிஸ்கில் நிறுவப்பட்டு ஒழுங்காக அப்டேட் ஆகியிருந்தால், அங்கே ஷிம்மும் புதிதாகியிருக்கும், பூட் ஆகும். ஐஎஸ்ஓவோ வெளியான நாளிலேயே உறைந்துவிட்டது. அதில் உள்ள எண்ணை மட்டும் நாமே திருத்தவும் வழியில்லை, திருத்தினால் கையொப்பம் பொருந்தாது.

பழைய ஐஎஸ்ஓக்கள் பூட் ஆகாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டின் குறிப்பிலேயே சொல்லியிருந்தது. ஆனால் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளை இது தொடாது என்றும் சொல்லியிருந்தது. அந்தச் சேர்க்கையைக் கண்டறியும் சோதனை சில கணினிகளில் தவறியதால், அங்கே நிறுவப்பட்டிருந்த லினக்ஸும் நின்றுபோனது. 2025 மே மாத அப்டேட் அந்தக் கோளாறைத் தீர்த்தது.

உங்கள் கணினியில் இப்படி நடந்தால், மறுப்பது யார் என்று முதலில் பாருங்கள். திரையில் SBAT என்ற சொல் இருந்தால் பேசுவது ஷிம். அதற்குப் பதிலாக, கணினி நிறுவனத்தின் பெட்டிச் செய்தியாக `Secure Boot Violation` என்று வந்தால் ஃபர்ம்வேரே தடுத்திருக்கிறது. கோப்பு டிபிஎக்ஸ் பட்டியலில் இருக்கலாம், அல்லது அதன் கையொப்பம் ஏற்கப்படாமல் போயிருக்கலாம். லினக்ஸ் ஓடும் இன்னொரு கணினி இருந்தால், பென் டிரைவின் `EFI/boot` அடைவுக்குள் போய் அந்த ஷிம்மின் எண்ணையே படித்துவிடலாம்:

```
objdump -s -j .sbat bootx64.efi
```

ஹார்டு டிஸ்கை மாற்றுவதாலோ விண்டோஸை மறுபடி நிறுவுவதாலோ பயன் இல்லை, ஏனென்றால் பட்டியல் மதர்போர்டில் இருக்கிறது. சரியான தீர்வு, 15.8 அல்லது அதற்குப் பிந்தைய ஷிம் உள்ள ஐஎஸ்ஓவை எடுத்து எழுதுவதுதான். உபுண்டுவில் 24.04 முதல் அது இருக்கிறது. பழைய ஐஎஸ்ஓதான் வேண்டும் என்றால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள். அணைக்கும் முன் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் நிலை மாறினால் பிட்லாக்கர் அந்தச் சாவியைக் கேட்கும், சாவி இல்லையென்றால் உங்கள் கோப்புகளையே திறக்க முடியாது.

இந்தக் குறைந்தபட்ச எண் இனியும் கூடும். ஆகவே அவசரத்துக்கென்று மேசை இழுப்பறையில் போட்டு வைக்கும் மீட்புப் பென் டிரைவை, அவசரம் வரும் முன்பே ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிய ஐஎஸ்ஓ கொண்டு எழுதி, ஒருமுறை பூட் செய்து பார்த்துவிடுங்கள்.