பொட்டாசிய உப்பும் ரத்த அழுத்தமும்

சமையல் உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்த சோடியம் குளோரைடு. கடைகளில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதில் இதன் ஒரு பகுதி நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். சோடியம் குறைவது நல்லது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இந்த உப்பின் பலனுக்கு அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பொட்டாசியத்தின் வேலை. அதன் ஆபத்தும் அதே பொட்டாசியத்திலிருந்துதான் வருகிறது.

உடலில் இவ்விரண்டும் இருக்கும் இடம் வேறு வேறு. சோடியத்தில் பெரும்பகுதி ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் இருக்கிறது. பொட்டாசியம் ஏறக்குறைய முழுவதும் செல்களுக்குள் இருக்கிறது. சோடியம் தங்கும் இடத்தில் நீரும் தங்கும். உடல் 9 கிராம் உப்பை வெளியேற்றாமல் வைத்துக்கொண்டால், ரத்தத்தின் உப்புச் செறிவு மாறாமலிருக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தமும் ஏறுகிறது.

எவ்வளவு சோடியத்தை வைத்துக்கொள்வது, எவ்வளவை வெளியே விடுவது என்று தீர்மானிப்பது சிறுநீரகம். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை அது ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கிறது. அதில் கரைந்துள்ள சோடியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நுண்குழல்கள் வழியாகவே மீண்டும் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குத் திரும்புகிறது. அந்தக் குழலின் பின்பகுதியில்தான் பொட்டாசியம் இந்தக் கணக்கில் நுழைகிறது. அங்கே சோடியத்தை உள்ளே இழுப்பதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கும் அப்பால், குழலின் கடைசி நீளத்தில், சோடியம் உள்ளே வரும்போது பொட்டாசியம் சிறுநீருக்குள் வெளியேறும். அதாவது, கடைசிவரை வந்து சேரும் சோடியம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பொட்டாசிய இழப்பும் கூடும்.

இனி, ஒருவர் காய், கீரை, பருப்பு, பழம் அதிகம் சாப்பிடாதவர் என்று கொள்வோம். அவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் சற்றே இறங்குகிறது. மிச்சமிருப்பதை இழக்காமலிருக்க உடல் முனைகிறது. சோடியத்தைக் கடைசிப் பகுதிக்கு வரவிடாமல் முன்கூட்டியே உறிஞ்சிவிட்டால் பொட்டாசியம் தப்பும். எனவே அந்த உறிஞ்சும் புரதம் முடுக்கிவிடப்படுகிறது. பொட்டாசியம் காப்பாற்றப்படுகிறது, ஆனால் அதற்கு விலையாகச் சோடியமும் நீரும் உடலிலேயே தங்கிவிடுகின்றன. பொட்டாசியம் குறைவான உணவு, உப்பைக் கூட்டாமலேயே ரத்த அழுத்தத்தைக் கூட்டுவது இப்படித்தான்.

பொட்டாசியம் போதுமான அளவு கிடைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அந்தப் புரதம் அடங்குகிறது, சோடியம் சிறுநீரில் போகிறது. ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தரும் தயசைடு வகை நீர் மாத்திரைகள் முடக்குவதும் இதே புரதத்தைத்தான். இது தவிர, பொட்டாசியம் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைகளை ஓரளவு தளர்த்தவும் செய்கிறது.

உப்பை மாற்றுவதால் என்ன வேறுபாடு வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒருவர் சமையல் வழியாக நாளொன்றுக்கு 8 கிராம் சாதாரண உப்பு சாப்பிடுகிறார். அதில் சோடியம் சுமார் 3,150 மில்லிகிராம், பொட்டாசியம் இல்லை. அதே 8 கிராம், முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பாக இருந்தால் சோடியம் சுமார் 2,360 மில்லிகிராமாக இறங்கும்; பொட்டாசியம் 1,050 மில்லிகிராம் அளவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். உணவின் மற்றப் பொருள்களிலிருந்து அவருக்கு 2,000 மில்லிகிராம் பொட்டாசியம் கிடைக்கிறது என்றால், உப்பை மாற்றியதும் அது 3,000-ஐத் தாண்டிவிடும். முன்பு சோடியத்துக்குப் பின்னால் நின்ற பொட்டாசியம் இப்போது அதை முந்துகிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள், பொட்டாசியம் குறைந்தது 3,510 மில்லிகிராம். உப்பின் அளவையும் கொஞ்சம் குறைத்தால்தான் முதல் இலக்கை எட்ட முடியும்.

இந்தக் கலவையை மிக விரிவாகச் சோதித்த ஆய்வு சீனாவின் கிராமப்புறங்களில் நடந்து 2021-இல் வெளியானது. 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேர் பங்கேற்றனர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள். பாதிக் கிராமங்களுக்கு மேற்சொன்ன முக்கால்–கால் கலவை உப்பு கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் வழக்கமான உப்பையே பயன்படுத்தினர். ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் முடிவில், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணில் ஏற்பட்ட வேறுபாடு 3 புள்ளிகளுக்குச் சற்று மேல் மட்டுமே. தனி மனிதர் ஒருவருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுதோறும் ஆயிரம் பேரில் பக்கவாதம் சுமார் 34-லிருந்து 29 ஆகவும், இறப்பு 45-லிருந்து 39 ஆகவும் குறைந்திருந்தது. புதிய மருந்து எதுவும் இல்லாமல், அடுப்படியில் உப்பை மாற்றியதால் மட்டும் கிடைத்த பலன் இது. மருத்துவ உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது முற்றிலும் சரி.

அந்த ஆய்வில் ரத்தப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய நிகழ்வுகள் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கடுமையான சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முதலிலேயே விலக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை என்ற குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். மிகுதியை வெளியேற்றும் பொறுப்பில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. அது பழுதாகியிருந்தால் பொட்டாசியம் தேங்கும். ஸ்பைரனோலாக்டோன் அதை நேரடியாகத் தேக்கும். ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவையும் பொட்டாசியத்தை ஓரளவு ஏற்றக்கூடியவை. இவற்றைச் சாப்பிடும் எல்லோருக்கும் இந்த உப்பு ஆகாது என்பதில்லை. மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பொட்டாசியம் மிகும்போது தசைகள் தளரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். பல நேரங்களில் முன்னறிகுறி எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும்தான் காட்டிக்கொடுக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே எச்சரிக்கையோடுதான் வந்தது. வீட்டில் சேர்க்கும் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரை பெரியவர்களுக்கு மட்டுமே. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் அதில் சேர மாட்டார்கள்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டங்கள் வழியாக வரும் சோடியத்தை இந்த மாற்றம் தொடாது. பொட்டாசியம் குளோரைடு லேசாகக் கசக்கும். ருசி போதவில்லை என்று ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டால் பலன் கரைந்துவிடும். இந்துப்பு இந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். எனவே பாக்கெட்டின் பின்புறத்தில் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்ற பெயரும் அதன் அளவும், கூடவே அயோடின் சேர்த்த உப்பு என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரை நோயோ நாள்பட்ட ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், உப்பை மாற்றும் முன் அவர்களுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகிய இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள்.