காவலாளி மாறும் நாளில் மாற்ற வேண்டிய சாவிகள்

அப்பார்ட்மென்ட் அறிவிப்புப் பலகையில் செயலாளர் ஒட்டும் அறிவிப்பு இப்படி இருந்தால் நல்லது:

"நமது காவல் பணி வரும் ஒன்றாம் தேதி முதல் வேறு ஏஜென்சிக்கு மாறுகிறது. அன்று காலை 10 மணி முதல் 12 மணி வரை கேட், கேமரா ஆகியவற்றின் கடவுச்சொற்கள் மாற்றப்படும். அந்த நேரத்தில் கைபேசியில் கேமரா படம் வராது. கார் கேட் ரிமோட் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து மறுபடி பதிந்துகொள்ளவும். புதிய கடவுச்சொல் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்படாது."

இதற்கு எதற்கு இரண்டு மணி நேரம், ரிமோட்டை ஏன் கொண்டுவர வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். கடவுச்சொல்லை மாற்றுவது இதில் பாதி வேலைதான்.

பல குடியிருப்புகளில் கேமராப் பதிவுப் பெட்டிக்கு admin என்ற ஒரே பயனர் பெயர்தான் இருக்கும். கேமரா மாட்டியவர் வைத்த கடவுச்சொல், பார்க்கிங்கைப் பார்க்க வேண்டும் என்று காவலாளிக்குப் போகும். அவரிடமிருந்து இரவுப் பணிக்காரருக்குப் போகும். அவர்கள் வேலையை விட்டுப் போனாலும் அவர்கள் கைபேசியில் நம் வாசல் தெரிந்துகொண்டே இருக்கும்.

பெட்டியில் கடவுச்சொல்லை மாற்றினால் இது நின்றுவிடும் என்று நினைக்கிறோம். எல்லாக் கருவிகளிலும் அப்படி நிற்பதில்லை. கைபேசிச் செயலி பெரும்பாலும் நேராகப் பெட்டியோடு பேசுவதில்லை. கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பேசுகிறது. பெட்டியின் வரிசை எண்ணை முதலில் எந்தக் கணக்கில் பதிந்தார்களோ, அந்தக் கணக்கே அதன் உரிமையாளர். மற்றவர்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து பகிர்வு போகிறது. அந்தக் கணக்கு கேமரா மாட்டியவருடையதாகவோ முன்னாள் செயலாளருடையதாகவோ இருந்தால், யார் பார்க்கலாம் என்பதை இன்றும் அவரே முடிவுசெய்கிறார்.

ஆகவே முதல் வேலை, உரிமைக் கணக்கு யாருடையது என்று கண்டுபிடிப்பது. அவரிடம் சொல்லிப் பெட்டியை அந்தக் கணக்கிலிருந்து விடுவித்து, சங்கத்தின் பெயரில் தொடங்கிய மின்னஞ்சலில் பதிய வேண்டும். கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கான மின்னஞ்சலும் சங்கத்துடையதாக இருக்கட்டும். பிறகு பகிர்வுப் பட்டியலைத் திறந்து, இப்போது தேவைப்படாத பெயர்களை நீக்க வேண்டும். அதன் பின்பே admin கடவுச்சொல்லை மாற்றுவது.

சரியாக முடிந்ததா என்று சோதிக்க எளிய வழி உண்டு. முன்பு கேமரா பார்த்துவந்த, இப்போது பட்டியலிலிருந்து நீக்கிய ஒரு கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் செயலியைத் திறந்து பாருங்கள். படம் வந்தால் வேலை முடியவில்லை.

மாற்றிய பிறகு சில பெட்டிகள் அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் பூட்டிக்கொள்ளும். பழைய கடவுச்சொல்லோடு ஏதோ ஒரு கைபேசியோ கணினியோ திரும்பத் திரும்ப முயல்வதுதான் பெரும்பாலும் காரணம். பதறிப்போய்ப் பெட்டியைத் தொடக்க நிலைக்குத் திருப்ப வேண்டாம். அந்தக் கருவியில் செயலியிலிருந்து வெளியேறிவிட்டுக் காத்திருந்தால் போதும். பழைய பதிவுகளின் மேலேயே புதியவை எழுதப்படும் என்பதால், ஏதேனும் புகார் நிலுவையில் இருந்தால் அந்த நாள் பதிவை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துவைப்பதும் அவசியம்.

புதிய காவலாளிக்கு admin கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. நேரலை பார்க்கவும் பதிவைத் திருப்பிப் பார்க்கவும் மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனரை உருவாக்கலாம். அதை வைத்து அவரால் பதிவை அழிக்கவோ அமைப்பை மாற்றவோ முடியாது. அவர் போகும்போது அந்த ஒரு பயனரை நீக்கினால் போதும். குடியிருப்பே பரபரக்க வேண்டாம்.

கேட்டில் எண் பலகை இருந்தால் எண்ணை மாற்றுவது சில நிமிட வேலை. ரிமோட்தான் நேரம் எடுக்கும். விலை குறைந்த பல கேட் மோட்டார்களில், காணாமல்போன ஒரு ரிமோட்டை மட்டும் தனியே நீக்க முடியாது. நினைவகத்தை முழுவதும் அழித்துவிட்டு, கையில் இருக்கும் ரிமோட்களை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். எல்லோரையும் ரிமோட்டோடு வரச் சொல்வது அதற்காகத்தான். விருந்தினர் வருகையைப் பதியும் செயலி இருந்தால், காவலாளி கைபேசியில் இருக்கும் உள்நுழைவையும் அன்றே நீக்கிவிட வேண்டும்.

புதிய admin கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, தேதியிட்டுத் தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று கொடுத்துவைக்கலாம். செயலாளர் மாறும் நாளிலும் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

இந்த அறிவிப்பைப் பார்த்து, போகிற காவலாளியைச் சந்தேகிக்கிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். அடுத்த மாதம் ஒரு பைக் காணாமல்போனால் முதல் கேள்வி அவரை நோக்கித்தான் எழும். அவர் கையில் நம் வாசலின் எந்தச் சாவியும் இல்லை என்று சங்கம் உறுதியாகச் சொல்ல முடிந்தால், அந்தப் பழி அவர்மேல் விழாது. உங்கள் குடியிருப்பில் காவலாளி கடைசியாக மாறியபோது இதெல்லாம் நடந்ததா என்று செயலாளரிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால், அடுத்த மாற்றத்துக்குக் காத்திராமல் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.