ரெண்டாவது மானிட்டர்ல வீடியோ ஓடினா கேம் ஏன் திக்குது?

இன்னைக்கு எபிசோட் போலகத்துல என் ரூம்லேர்ந்து. மேசையில ரெண்டு மானிட்டர் இருக்கு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் எனக்கு, கேம் விளையாட. பக்கத்துல இருக்கிற பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் பாதி நேரம் அம்மாவுக்கு. காரைக்கால் மாங்கனித் திருவிழா லைவ் ஓடுதுன்னா அதை நிறுத்தச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனா அது ஓட ஆரம்பிச்ச உடனே என் ஷூட்டர் கேம் திக்கித் திக்கி ஓடும். மெட்ராஸ்ல இருக்கிற நண்பர்களோட ராங்க் மேட்ச், எதிராளி மேல குறி வைக்கிற நேரத்துல ஒரு சின்ன வெட்டு.

"கிராபிக்ஸ் கார்டு பத்தலடா, புதுசா வாங்கு"ன்னு அண்ணன் சொன்னார். நானும் காசு சேர்க்க ஆரம்பிச்சிட்டேன். குழப்பம் என்னன்னா, திரை ஓரத்துல எஃப்.பி.எஸ் 140க்குக் குறையவே இல்லை.

இந்த 140 எப்படி ஏமாத்துதுன்னு பாருங்க. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒவ்வொரு 6.9 மில்லிசெகண்டுக்கும் ஒரு புதுப் படம் கேக்கும். வி-சின்க் போட்டிருக்கேன். அப்போ ஒரு பிரேம் கொஞ்சம் லேட்டா வந்தாலும் பழைய படமே இன்னொரு சுற்று நிக்கும், அதாவது 13.9 மில்லிசெகண்டு. ஒரு செகண்டுக்கு 4 பிரேம் இப்படித் தவறினா, கணக்குல 140 எஃப்.பி.எஸ். ரொம்ப நல்ல நம்பர்தான். ஆனா கண்ணுக்கு செகண்டுக்கு 4 வெட்டு. பிரேம்கள் சீரான இடைவெளியில வர்றதைத்தான் பிரேம் பேசிங்னு சொல்றோம். அதைப் பார்க்கணும்னா எஃப்.பி.எஸ் நம்பர் போதாது, பிரேம் டைம் கிராஃப் வேணும். நான் கேப்ஃப்ரேம்எக்ஸ் வச்சுப் பார்த்தேன். வீடியோ நின்னா கோடு நேரா போகுது, ஓடினா முள்ளு முள்ளா எழும்புது.

சரி, ஒரு வீடியோவால ஏன் இப்படி? வீடியோவை விரிச்சுக் காட்டுற வேலைக்கு, அதாவது டீகோடுக்கு, கிராபிக்ஸ் கார்டுக்குள்ள தனி பகுதியே இருக்கு. கேமை வரையுற பகுதியை அது பெருசா தொந்தரவு பண்ணாது. ஆனா அந்தப் பகுதிக்குத் தெரிஞ்ச வடிவத்துல வீடியோ வரணும். யூடியூப் இப்போ நிறைய வீடியோவை ஏவி1 வடிவத்துல அனுப்புது. என்விடியா கார்டுகள்ல 2020ல வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலதான் ஏவி1 டீகோடர் முதல்ல வந்தது. என் கார்டு அதுக்கு முந்தினது. அதனால அந்த வேலை மொத்தமும் சிபியு தலையில விழுந்தது. என் சிபியுல இருக்கிறது நாலே கோர். கேம் ஓடிட்டிருக்கிற கோர்ல டீகோடர் ரெண்டு மூணு மில்லிசெகண்டு புகுந்தாலே 6.9க்குள்ள பிரேம் முடியாது. சிபியு பயன்பாடு 100 சதவீதம் ஆகணும்னு கூட அவசியமில்லை. அதுவும் சராசரிதானே.

உங்க சிஸ்டத்துல இதுதான் நடக்குதான்னு பார்க்க ரெண்டு இடம் இருக்கு. வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி `Stats for nerds` திறங்க. அங்க `Codecs` வரியில `av01`னு இருந்தா ஏவி1. அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல `Performance`, அதுல `GPU`. வீடியோ ஓடும்போதே `Video Decode` 0%ல கிடந்தா, வேலை சிபியுக்குப் போகுதுன்னு அர்த்தம். எனக்கு ரெண்டுமே அப்படித்தான் இருந்தது.

நான் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துறேன். `about:config` போய் இதை மாத்தினேன்:

```
media.av1.enabled = false
```

பக்கத்தை ரீலோட் பண்ணினதும் அதே வீடியோ `vp09` ஆச்சு. அது என் கார்டுக்குத் தெரிஞ்ச வடிவம். `Video Decode` ஏறிச்சு, முள்ளெல்லாம் அடங்கிச்சு.

மாத்தின பிறகும் திக்குதுன்னா, காரணம் டீகோட் இல்லை. கேம் ஓடும்போது ஜிபியு 99 சதவீதத்துல நிக்குதான்னு பாருங்க. வீடியோ படத்தைத் திரையில பொருத்துற சின்ன வேலைக்கும் அதே ஜிபியு வேணும், இடமே இல்லன்னா கேம் காத்திருக்கும். கிராபிக்ஸ் செட்டிங்ஸை ஒரு படி குறைங்க. இல்லன்னா மானிட்டரையும் கேமையும் சேர்த்து 120க்கு இறக்குங்க. கேமை மட்டும் இறக்கினா 144ல 120 சரியா உட்காராது, அதுவே புதுசா திக்கும். விண்டோஸ் 10ல மே 2020 அப்டேட்டுக்கு முந்தின பதிப்பா இருந்தா, ரெண்டு மானிட்டரோட ஹெர்ட்ஸ் வேற வேறயா இருக்கிறதே பிரச்சினை பண்ணும். முதல்ல அப்டேட் போடுங்க.

கார்டுக்குச் சேர்த்த காசு இன்னும் அப்படியே இருக்கு. அம்மா லைவ் பார்க்கிறாங்க, நான் பக்கத்துல மேட்ச் ஆடுறேன். அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலை, இந்த எபிசோடைக் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்.