“நம்பரை மட்டும் மாத்திக் கொடுங்க தம்பி”: கிளையண்டுக்கு எப்படி மெயில் எழுதுவது?

நீங்க ராஜபாளையத்தில் இருந்துகொண்டு படிப்புக்கு நடுவே கொஞ்சம் டிசைன் வேலையும் செய்றீங்கன்னு வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறார். அரை கிலோ டப்பா மேல ஒட்டும் லேபிள் அது. “போன் நம்பரும் விலையும் மாறிடுச்சு. அதை மட்டும் மாத்திக் கொடுங்க தம்பி. ஆடிப்பூரத் தேருக்கு முன்னாடி 5000 லேபிள் வேணும்” என்கிறார்.

அவர் கண்ணுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. படத்தை ஜூம் பண்ணிப் பார்த்ததுமே உங்களுக்கு இது நடக்காதுன்னு தெரிந்துவிடும். ஆனா “ரெசல்யூஷன் பத்தாது, ஒரிஜினல் அனுப்புங்க” என்று ஒற்றை வரியில் பதில் போட்டால் அவருக்கு ஒண்ணும் புரியாது. வேலை தெரியாத பையன் போலன்னு நினைத்து வேறு ஆளைத் தேடுவார். அதனால காரணத்தை முதலில் நாம சரியாகப் புரிந்துகொள்வோம். மெயில் அப்புறம்.

முதல் வேலை, படத்தில் எத்தனை பிக்சல் இருக்குன்னு பார்ப்பது. வந்த படம் 720 × 480. லேபிளின் அகலம் 6 அங்குலம், உயரம் 4 அங்குலம். 720ஐ 6ஆல் வகுத்தால் ஒரு அங்குலத்துக்கு 120 பிக்சல்தான். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு வழக்கமாகக் கேட்பது 300. அதாவது 1800 × 1200 தேவை. கணக்குப் போட்டால், தேவையான ஒவ்வொரு 100 பிக்சலுக்கும் நம்மிடம் இருப்பது 16 மட்டுமே. படத்தைப் பெரிதாக்கினால் மீதி 84ஐ சாஃப்ட்வேர் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து நிரப்பும். அதனால படம் பெருசாகும். ஆனா அதில் இல்லாத எழுத்து புதிதாக வந்துவிடாது. ஃபோட்டோஷாப்பில் 72 என்று இருக்கும் எண்ணை 300 என மாற்றிவிட்டு, பிக்சல் எண்ணிக்கையை அப்படியே விட்டாலும் பயனில்லை. அச்சாகும் அளவுதான் சுருங்கும்.

இது எழுத்தில் எப்படித் தெரியும்? லேபிளின் அடியில் 2 மில்லிமீட்டர் உயரத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது. நம்ம படத்தில் அந்த உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 9 பிக்சல். ஒரு கோட்டின் தடிமன் ஒரு பிக்சல்தான் வரும். 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் இடது பக்கத்து இடைவெளி மட்டும்தானே? அது ஒன்றிரண்டு பிக்சலில் மங்கிப் போகும். தமிழிலும் இதே கதைதான். ன, ண இரண்டையும் பிரிப்பது ஒரு சுழிதான். மெய்யெழுத்தின் புள்ளியோ பின்னணியில் கரைந்தே போய்விடும்.

இதோடு ஜேபிஜி சுருக்கமும் சேரும். அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கமான விவரங்களைக் கழித்துவிடும். எழுத்தின் ஓரங்களில் தூசி மாதிரி அழுக்கு தெரிவது இதனால்தான். பெரும்பாலும் நிறத் தகவலை இன்னும் அதிகமாகக் குறைத்துவிடும். அதனால மஞ்சள் பின்னணியில் இருக்கும் சிவப்பு எழுத்து, கசிந்த மை மாதிரி ஆகிவிடும்.

இப்போ பழைய போன் நம்பரை அழிக்கணும். அதுக்குக் கீழே இருந்த நிறமும் கோபுர ஓவியத்தின் ஓரமும் படத்தில் இல்லை. அதை நாம்தான் வரைந்து நிரப்பணும். பிறகு புது நம்பரைப் போட்டால், மங்கலான எழுத்துகளுக்கு நடுவில் அது மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும்.

கடைக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்: “இதே படத்தை வச்சுத்தானே போன வருஷம் பத்தடி ஃப்ளெக்ஸ் அடிச்சாங்க?” பதில், தூரம். சாதாரணக் கண்ணால், 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்த லேபிளில் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள் வரை பிரித்துப் பார்க்க முடியும். 15 மீட்டர் தள்ளி நின்றால் அங்குலத்துக்கு 6 புள்ளிதான். 720 பிக்சலைப் பத்தடிக்கு இழுத்தால் கிடைப்பதும் சரியாக 6. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவருக்குக் குறை தெரியவில்லை. ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, மெயில் எப்படி இருக்கணும்? முடியும் என்று ஆரம்பியுங்க. ஒரே ஒரு காரணத்தை அவர் பார்க்கிற மாதிரி காட்டுங்க. என்ன வேணும், அது எங்கே கிடைக்கும், கிடைக்கலைன்னா என்ன வழி என்று முடியுங்க. பிக்சல் கணக்கு உங்களுக்குத்தான், அவருக்கு வேண்டாம்.

மாதிரி இதோ:

“வணக்கம் அண்ணாச்சி. லேபிளில் போன் நம்பரும் விலையும் மாற்றித் தரலாம். ஆனால் நீங்க அனுப்பிய படத்தின் மேல் மாற்றினால் அச்சு நல்லா வராது. லேபிள் அளவிலேயே பெரிதாக்கி ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன், பாருங்க. உரிம எண்ணில் ஒரு இலக்கம் 3ஆ 8ஆ என்று சொல்ல முடியவில்லை. 5000 லேபிளிலும் இப்படித்தான் வரும். ஃப்ளெக்ஸ் தூரத்தில் இருந்து பார்ப்பது, அதனால் தெரியவில்லை. லேபிள் கையில் பிடித்துப் பார்ப்பது.

போன தடவை லேபிள் அடித்த சிவகாசி பிரஸ்ஸில் கேட்டால் ஒரிஜினல் ஃபைல் இருக்கும். ‘கோரல்டிரா ஃபைல், கூடவே ஃபாண்ட்’ என்று கேளுங்க. அது இல்லையென்றால் அச்சுக்குக் கொடுத்த பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்க. ஃபைல் வந்தால் அன்றே மாற்றித் தருகிறேன்.

ஃபைல் கிடைக்கவில்லை என்றால், ஒட்டாத பழைய லேபிள் ஒன்றும் உரிமச் சான்றிதழின் நகலும் கொடுங்க. லேபிளை முழுசாகப் புதிதாக வரைந்து தருகிறேன். அதுக்கு மூன்று நாளும் தனிக் கட்டணமும் ஆகும். எந்த வழி என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் தேருக்கு முன் முடித்துவிடலாம்.”

சான்றிதழ் ஏன் கேட்கிறோம்? மங்கலான படத்தைப் பார்த்து உரிம எண்ணை ஊகித்து டைப் பண்ணக் கூடாது. ஒரு இலக்கம் தப்பினாலும் 5000 லேபிளும் குப்பைக்குத்தான் போகும், பணம் கடைக்காரருடையது. புதிதாக வரைந்து முடித்த பிறகும் ஒவ்வொரு எண்ணையும் அவரிடமே காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்க.

ஃபைல் வந்ததும் நம்பிவிடாதீங்க. சில நேரம் அதே மங்கல் படத்தை கோரல்டிராவில் ஒட்டி `.cdr` என்று சேமித்து அனுப்புவார்கள். 800 சதவீதம் ஜூம் பண்ணுங்க. எழுத்தின் ஓரம் கூர்மையாகவே இருந்தால் அது உண்மையான ஒரிஜினல். கட்டம் கட்டமாக உடைந்தால் அது வெறும் படம்தான். லினக்ஸ் வைத்திருந்தால் இப்படியும் பார்க்கலாம்:

```
identify label.jpg
pdffonts label.pdf
```

முதல் வரிக்கு இமேஜ்மேஜிக் வேணும், பிக்சல் அளவைச் சொல்லும். இரண்டாவது, பிடிஎஃப்பில் உள்ள ஃபாண்ட்களைப் பட்டியலிடும். பட்டியல் காலியாக இருந்தால் டைப் பண்ணி மாற்றக்கூடிய எழுத்து அதில் இல்லை. அப்போதும் ஜூம் பண்ணிப் பாருங்க. எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி வைத்திருந்தால் ஓரம் கூர்மையாக இருக்கும். அந்த ஃபைல் போதும். பழைய நம்பரை மட்டும் எடுத்துவிட்டு, அதே போன்ற ஃபாண்டில் புதிதாக டைப் பண்ணலாம்.

ஃபாண்ட் இல்லாமல் கோரல்டிரா ஃபைல் மட்டும் வந்தால் இன்னொரு சிக்கல் வரும். பழைய லேபிள்கள் பலவற்றில் யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் ஃபாண்ட்கள்தான் இருக்கும். உங்க கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லையென்றால் ‘பால்கோவா’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஃபைல் கெட்டுப் போகவில்லை, ஃபாண்ட் வந்ததும் சரியாகிவிடும். மெயிலில் ‘கூடவே ஃபாண்ட்’ என்று எழுதியது இதுக்காகத்தான்.