வியட்நாமில் ஒன்று எப்போது தொனி மாறும்?

வியட்நாமில் ஒரு ரசீதில் 551.115 டோங் என்று அச்சாகியிருக்கிறது. அங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளிதான் வைப்பார்கள். ஆகவே இது ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து நூற்றுப் பதினைந்து. எண்ணுக்குக் கீழே தொகையை எழுத்தாலும் எழுதுவது வழக்கம். அதை வாய்விட்டுப் படித்தால் இப்படி வரும்: நம் ட்ரம் நம் முஅய் மோட் ஙீன், மோட் ட்ரம் முஅய் லம் டோங்.

தமிழ் எழுத்தில் இரண்டு மோட்டும் ஒன்றுபோல் தெரிகின்றன, இரண்டு முஅய்யும் அப்படியே. வியட்நாமியர் காதுக்கு அவை நான்கு வேறு சொற்கள். வேறுபாடு முழுவதும் தொனியில் இருக்கிறது. எழுத்தில் அது உயிரெழுத்தின் மேலோ கீழோ இடும் குறியாக வரும்.

முதலில் பத்தைப் பார்ப்போம். முஅய் என்பதில் முதல் உயிரொலி, நாம் ‘நாடு’ என்று சொல்லும்போது கடைசியில் வரும் இதழ் குவியாத உகரம்தான். தமிழ் வாய்க்கு அது எளிது. தனிப் பத்துக்கும், பதினொன்று முதல் பத்தொன்பது வரையிலும் குரல் கீழே இறங்கும். எழுத்தின் மேல் வலப்பக்கமாகச் சரியும் கோடு இருக்கும். இருபது, ஐம்பது என்று பத்தைப் பெருக்கும்போது கோடு விழுந்துவிடும், குரல் சமமாக நிற்கும். நம் ‘பத்து’, ‘இருபது’ என்று வரும்போது ‘பது’ ஆகிவிடுகிறதே, அதே வேலை. சமத்தொனி முஅய்யைத் தனியாகச் சொன்னால் ‘ஏறக்குறைய பத்து’ என்ற பொருளும் வரும். பத்து நாள் என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் தொனி தவறினால் ‘ஒரு பத்து நாள்’ ஆகிவிடும்.

ஒன்றின் கதை இன்னும் நுட்பமானது. இயல்பான மோட் அழுத்தி இறங்கும் தொனி உடையது. எழுத்தின் கீழே ஒரு புள்ளி இருக்கும். அது இருபத்தொன்று, ஐம்பத்தொன்று என்று பெருக்கிய பத்துக்குப் பின்னால் வந்தால் மேலே ஏறிவிடும். புள்ளி போய், மேலே ஏறுமுகக் கோடு வரும். ப், ட், க் போன்ற அடைப்பொலியில் முடியும் அசைகளுக்கு வியட்நாமியில் இந்த இரண்டு தொனிகள்தாம் உண்டு. எனவே மோட் மாற வேண்டுமென்றால் போக வேறு இடமே இல்லை. பதினொன்றில் அது மாறாது. முன்னால் இருப்பது பெருக்கிய பத்து அல்லவே.

ஐந்தில் மாறுவது மெய்யெழுத்து. நம் என்பது பத்தின் அருகே ஒன்றாம் இடத்தில் வந்தால் லம் ஆகும்: பதினைந்திலும் அப்படித்தான், இருபத்தைந்திலும் அப்படித்தான். வடக்கே இருபத்தைந்து முதல் ‘ஞம்’ என்றும் சொல்வார்கள். நம் என்றால் ஆண்டு என்றும் பொருள். ஆகவே ‘முஅய் நம்’ என்றால் பதினைந்து அல்ல, பத்து ஆண்டு. பதினைந்து ஆண்டு வேண்டுமானால் முஅய் லம் நம். ஐந்நூற்று ஐம்பத்தைந்தில் முதல் இரண்டு ஐந்தும் நம். மூன்றாவது மட்டும் லம்.

நூறாகிய ட்ரம் எங்கும் மாறாது. ஆனால் நூற்றுக்குப் பின் பத்தாம் இடம் காலியாக இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். வடக்கே லிஞ், தெற்கே லே. ஐந்நூற்று ஐந்து என்பது நம் ட்ரம் லிஞ் நம். இங்கே ஐந்து மறுபடியும் நம் ஆகிவிட்டது, பக்கத்தில் பத்து இல்லையே! நூற்றொன்றிலும் மோட் தன் பழைய புள்ளியோடுதான் இருக்கும்.

ரசீது மென்பொருள் எழுதுகிறவர்கள் இடறுவது இங்கேதான். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சொல் என்று அட்டவணை போட்டுக் கோத்தால் பதினைந்துக்குப் ‘பத்து ஆண்டு’ அச்சாகும். 11, 15, 21, 25, 101, 105 ஆகிய ஆறு எண்களையும் படிக்க வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பிழை வெளிவந்துவிடும். ஏழாவதாக 1.005 கொடுக்கலாம். அதில் நூறாம் இடத்துச் சுழியத்தையும் ‘கோங் ட்ரம்’ என்று முறையாகச் சொல்ல வேண்டும், விட்டுவிடக் கூடாது.

சந்தையில் இத்தனை சொற்களுக்கு நேரமில்லை. ஆயிரம் என்பதை எல்லோரும் விழுங்கிவிடுவார்கள், பத்தையும் சேர்த்து விழுங்குவார்கள். கடைக்காரர் ‘ட்ரம் மோட்’ என்று குரலை ஏற்றிச் சொன்னால் அது நூற்றொன்று அல்ல, நூற்றுப்பத்து, அதாவது 110.000 டோங். ட்ரம் ஹாய் என்றால் நூற்றிருபது. நூற்றொன்றைக் கேட்க நினைத்திருந்தால் அவர் நடுவில் லிஞ் அல்லது லே சேர்த்து, மோட்டைத் தாழ்த்திச் சொல்லியிருப்பார்.